குழுப்பணி பற்றிய இன்டர்வியூ கேள்வி: சூழல், செயல், விளைவு என்று பதில் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டீமா சேர்ந்து வேலை செஞ்ச ஒரு அனுபவம் சொல்லுங்க"ன்னு கேக்கிறாங்க. இதுல என்னதான் பார்க்கிறாங்க?

முறையாக இன்டர்வியூ நடத்தும் இடங்களில் கேட்பவர் கையில் ஒரு மதிப்பெண் தாள் இருக்கும். குழுப்பணி என்ற தலைப்பின் கீழ் அவர் தேடுவது சில குறிப்பிட்ட நடத்தைகளை. யாரும் கேட்காமலே தகவலைப் பகிர்ந்தாரா? அடுத்தவர் சொன்னதைக் கேட்டுத் தன் திட்டத்தை மாற்றிக்கொண்டாரா? கருத்து மோதல் வந்தபோது என்ன செய்தார்? தன் வேலை அல்லாத ஒன்று முடிய உதவினாரா? நீங்கள் பேசும்போது அவர் குறித்துக்கொள்வது இவற்றுக்கான ஆதாரத்தைத்தான். குறித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காவிட்டால், பேச்சு எவ்வளவு சரளமாக இருந்தாலும் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.

பிரிட்டன் அரசுப் பணித் தேர்வில் இந்த முறை வெளிப்படையாகவே இருக்கிறது. அங்கே அளக்கப்படும் 9 நடத்தைகளில் 'சேர்ந்து பணியாற்றுதல்' ஒன்று. மதிப்பெண் 1 முதல் 7 வரை. 4 என்றால் ஏற்கத்தக்க அளவு. தனியார் நிறுவனங்கள் தங்கள் தாளை வெளியே காட்டுவதில்லை என்றாலும் வேலை செய்யும் விதம் இதை ஒட்டியதுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். உங்கள் பதிலில் தொழில்நுட்பத் திறமை நிறைய இருந்து, மற்ற மனிதர்களோடு நீங்கள் நடந்துகொண்ட விதம் இல்லாமல் போனால், அது நல்ல பதிலாக இருக்கலாம். இந்தக் கேள்விக்கான பதில் ஆகாது. குழுப்பணிக் கேள்வியில் பெரும்பாலானோர் கோட்டை விடுவது இங்கேதான்.

மூணு பகுதிக்கும் எவ்வளவு நேரம் ஒதுக்கணும்?

மொத்தம் இரண்டு நிமிடம். சூழலுக்கு 25 வினாடி, செயலுக்கு 70, விளைவுக்கு 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண வேகத்தில் ஆங்கிலத்தில் இது ஏறத்தாழ 250 முதல் 280 சொல். தமிழில் சொற்கள் நீளமானவை என்பதால் 200 சொல்லை ஒட்டி வரும்.

தயாரிக்காமல் போகிறவர்கள் சொல்லும் பதிலைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால் கணக்கு தலைகீழாக இருக்கும். கம்பெனி என்ன செய்கிறது, ப்ராஜெக்ட் எதைப் பற்றியது, கிளையன்ட் யார் என்பதற்கே ஒன்றரை நிமிடம் போய்விடும். கேட்பவர் முகத்தில் பொறுமை குறைவது தெரிந்ததும் செயலை இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டு, "கடைசியில நல்லபடியா முடிஞ்சுது" என்று நிறுத்துவார்கள். மதிப்பெண் முழுக்க நடுவில் இருக்கிறது. அங்கேதான் நேரத்தைச் செலவழிக்க வேண்டும்.

சிச்சுவேஷன், டாஸ்க், ஆக்‌ஷன், ரிசல்ட்னு ஸ்டார் முறை சொல்றாங்களே, அதுல 'டாஸ்க்'னு நாலாவதா ஒண்ணு வருதே?

அது சூழலின் கடைசி வாக்கியம், அவ்வளவுதான். "அந்த நேரத்துல என் பொறுப்பு இது" என்று ஒரே வரியில் சொன்னால் போதும். தனிப் பகுதியாக வைத்தால், சூழலில் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது. உங்கள் பொறுப்பு எதுவரை என்று தெரிந்தால்தான், அதைத் தாண்டி நீங்கள் செய்தது எவ்வளவு என்று கேட்பவருக்குப் புரியும்.

எந்தச் சம்பவத்தைத் தேர்ந்தெடுக்கறது? என்கிட்ட பெரிய சாதனை எதுவும் இல்லையே.

பெரிய சாதனை பல நேரம் இடைஞ்சல்தான். அறுபது பேர் எட்டு மாதம் வேலை செய்த ப்ராஜெக்டில் உங்கள் பங்கைத் தனியாகப் பிரித்து இரண்டு நிமிடத்தில் காட்டுவது கடினம். மூன்று முதல் ஆறு பேர், சில நாள் அல்லது சில வாரம், நடுவில் ஏதோ ஒரு இழுபறி இருந்த சம்பவமே சொல்ல வசதியானது.

இழுபறி இருப்பது முக்கியம். எல்லோரும் சொன்ன நேரத்தில் சொன்னதைச் செய்து முடித்த கதையில் நீங்கள் குழுவுக்காக எதையும் செய்ய வேண்டிய தேவையே எழவில்லை. இரண்டு பிரிவுகள் ஒருவரை ஒருவர் குறை சொன்னது, ஒருவர் பின்தங்கியது, நீங்கள் போட்ட திட்டத்தை வேறொருவர் மறுத்தது, நடுவில் ஆள் மாறியது போன்ற ஒன்று இருந்தால்தான் செயல் பகுதியில் பேச விஷயம் இருக்கும்.

சம்பவம் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் நடந்ததாக இருப்பது நல்லது. பழைய சம்பவத்தில் துணைக் கேள்வி கேட்டால் விவரம் நினைவுக்கு வராது. அந்தத் தயக்கத்தைக் கேட்பவர் இட்டுக்கட்டுவதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

'நாங்க'ன்னு சொன்னா "நீங்க என்ன செஞ்சீங்க?"ன்னு கேக்கிறாங்க. 'நான்'னு சொன்னா தற்பெருமை மாதிரி இருக்கு. என்னதான் செய்யறது?

இரண்டையும் பயன்படுத்துங்கள், இடம் மாற்றிப் போடாமல் பார்த்துக்கொண்டால் போதும். சூழலில் 'நாங்க' இயல்பாக வரும், ஏனென்றால் பிரச்சினை எல்லோருக்கும் பொதுவானது. செயல் பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தெளிவான எழுவாய் வேண்டும்: ஒன்று 'நான்', இல்லையென்றால் இன்னார். விளைவில் மறுபடி 'நாங்க' வரலாம்.

செயல் பகுதியில் மற்றவர்களின் பங்கை அவர்கள் பொறுப்பைச் சொல்லியே குறிப்பிடுவதுதான் தற்பெருமைத் தொனியைத் தவிர்க்கும் வழி. "டிரையர்ல மறுபடி விடலாம்னு சொன்னது பிரிண்டிங் சூப்பர்வைசர்தான்; முதல்ல இருபது பீஸ்ல மட்டும் செஞ்சு பார்க்கலாம்னு நான் சொன்னேன்" என்று ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் இருந்த ஒருவர் சொல்வதைப் பாருங்கள். அடுத்தவருக்கு உரிய பெயர் போய்ச் சேர்கிறது, உங்கள் பங்கும் தனியாகத் தெரிகிறது, அவர் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டதும் பதிவாகிறது. மதிப்பெண் தாளில் மூன்று இடத்துக்கு ஆதாரம் ஒரே வாக்கியத்தில் கிடைத்துவிடுகிறது.

நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் இன்னொரு பழக்கம், ஆளே இல்லாத வாக்கியம். "மீட்டிங் போடப்பட்டது, பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது" என்று அடக்கத்தின் பெயரால் சொல்லிக்கொண்டே போவார்கள். மீட்டிங்கைக் கூட்டியவர் யார்? கண்டுபிடித்தது யார்? கேட்பவர் ஊகித்து மதிப்பெண் போட மாட்டார். ஒத்திகையின்போது உங்கள் பேச்சை ஃபோனில் பதிவு செய்து, செயல் பகுதியில் எத்தனை வாக்கியம் ஆளில்லாமல் ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் திருத்த வேண்டும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. செயல் பகுதி முழுக்க 'நான்' மட்டுமே வந்து, வேறு ஒரு மனிதர்கூடத் தலைகாட்டாவிட்டால், தனியாகவே எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொள்பவர் என்ற எண்ணம் விழும். குழுப்பணிக் கேள்வியில் அது பலவீனமாகவே பதிவாகும்.

ஒரு முழு பதிலை எடுத்துக்காட்டா காட்ட முடியுமா?

திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பையருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிக்கும் ஜூனியர் மெர்ச்சண்டைசராக இரண்டு ஆண்டு இருந்தவர், பையர்களுக்காகச் சரக்கு வாங்கித் தரும் ஒரு பையிங் ஹவுஸ் வேலைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தப் பக்கத்துக்காக உருவாக்கிய எடுத்துக்காட்டு இது. முதலில், தயாரிக்காமல் போனால் வரக்கூடிய பதில்:

"ஒரு பெரிய ஆர்டர்ல பிரிண்ட் பிரச்சினை வந்துச்சு சார். ஷிப்மென்ட் டேட் ரொம்பக் கிட்ட இருந்துச்சு. எல்லா டிபார்ட்மென்ட்டும் ராத்திரி பகலா ஒத்துழைச்சோம். தினமும் மீட்டிங் போட்டுப் பேசினோம். நல்ல டீம் வொர்க் இருந்ததால சரியான நேரத்துல அனுப்பிட்டோம். பையரும் ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பேசியவர் அந்த நாள்களில் விடுப்பில் இருந்திருந்தாலும் இதே பதிலைச் சொல்லியிருக்கலாம். அதே சம்பவம் இப்படி:

"குழந்தைகள் டி-ஷர்ட், 12,000 பீஸ் ஆர்டர். ஷிப்மென்ட்டுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வாஷ் டெஸ்ட்ல நெஞ்சு பிரிண்ட் உரிஞ்சு வந்துச்சு. குவாலிட்டி டிபார்ட்மென்ட் மொத்த ஆர்டரையும் நிறுத்திட்டாங்க. பிரிண்டிங்ல துணிதான் சரியில்லைன்னாங்க. எம்.டி. வரைக்கும் காப்பி போட்டு மெயில் போனதால ரெண்டு பக்கமும் பேச்சே நின்னுபோச்சு. பையருக்குப் பதில் சொல்ற பொறுப்பு என்னோடது. ரெண்டு டிபார்ட்மென்ட் மேலயும் எனக்கு அதிகாரம் கிடையாது.

நான் முதல்ல மெயில்ல பதில் போடாம பிரிண்டிங் சூப்பர்வைசரை நேர்ல போய்ப் பார்த்தேன். 'யார் தப்புன்னு கேக்க வரலைண்ணே, எந்த ஷிஃப்ட்ல எத்தனை பீஸ் அடிச்சீங்கன்னு மட்டும் வேணும்'னு கேட்டேன். அவர் லாக் புக்கை எடுத்துக் கொடுத்தார். 2,400 பீஸா அஞ்சு லாட்டுன்னு தெரிஞ்சுது. குவாலிட்டில போய், லாட்டுக்குப் பத்து பீஸ் தனித்தனியா வாஷ் பண்ணித் தாங்கன்னு கேட்டேன். லேப்ல வேற ஆர்டர் வரிசைல இருக்கு, முடியாதுன்னாங்க. அவங்க சொன்னது நியாயம்தான். வரிசைல இருந்த ஆர்டரோட மெர்ச்சண்டைசர்கிட்ட பேசினேன். அவருக்கு ஷிப்மென்ட் ரெண்டு வாரம் தள்ளி இருந்ததால இடத்தை விட்டுக்கொடுத்தார். டெஸ்ட்ல ஒரே ஒரு லாட்தான் ஃபெயில் ஆச்சு. அந்த ராத்திரி ஷிஃப்ட்ல டிரையர் பெல்ட் வேகத்தைக் கூட்டியிருக்காங்க, பிரிண்ட் சூட்டுல சரியா இறுகிக் கியூர் ஆகலைன்னு சூப்பர்வைசரே லாக்கைப் பார்த்துச் சொன்னார். மறுபடி டிரையர்ல விடலாம்னு அவர் சொன்னார். முதல்ல இருபது பீஸ் விட்டு, குவாலிட்டி பாஸ் பண்ணினா மட்டும் மீதியைச் செய்யலாம்னு நான் சொன்னேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டாங்க.

பாஸ் ஆன 9,600 பீஸ் அடுத்த நாளே பேக்கிங் போச்சு. மறுபடி கியூர் பண்ணின 2,400ல 40 பீஸ் ரிஜெக்ட், மீதி பாஸ். சொன்ன தேதிக்கு லோடு கிளம்புச்சு. இப்ப பிரிண்டிங்ல ஒவ்வொரு ஷிஃப்ட்டும் பெல்ட் வேகத்தை எழுதறாங்க. வாஷ் டெஸ்ட்டும் லாட் வாரியா நடக்குது."

இதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தை ஒட்டி வரும். மெதுவாகப் பேசுபவருக்குச் சற்றுக் கூடலாம். சூழலில் கடைசி வரியைக் கவனியுங்கள். அதிகாரம் இல்லை என்று சொன்னதால்தான், பின்னால் வரும் ஒவ்வொரு ஒத்துழைப்பும் பேசிப் பெற்றது என்று தெரிகிறது. செயலில் நான்கு மனிதத் தொடர்புகள் இருக்கின்றன: கோபத்தில் இருந்தவரைக் குற்றம் சாட்டாமல் அணுகியது, மறுத்தவரின் காரணத்தை ஏற்று அதற்கு வழி தேடியது, தொடர்பில்லாத மூன்றாமவரிடம் உதவி கேட்டது, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு நிபந்தனையை முன்வைத்தது. கியூரிங் பற்றிய தொழில்நுட்பம் ஒரே வாக்கியம்தான். டிரையர் வெப்பநிலை எவ்வளவு, என்ன இங்க் என்று விரிக்கத் தொடங்கினால் பதில் வேறு பக்கம் போய்விடும், கேட்டால் சொல்லிக்கொள்ளலாம்.

40 பீஸ் ரிஜெக்ட் ஆனதை மறைக்காததும் பதிலுக்கு வலு சேர்க்கிறது. எல்லாமே நூறு சதவீதம் என்று முடியும் கதையைக் கேட்பவர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

விளைவுல எண் சொல்லணும்ங்கிறாங்க. என் வேலைல அளக்கற மாதிரி எதுவும் இல்லையே?

சதவீதமும் ரூபாயும் மட்டும் எண் அல்ல. எத்தனை நாள் முன்னதாக முடிந்தது, எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், வாரத்துக்கு எத்தனை புகார் வந்தது, பிறகு எத்தனை ஆனது என்பவையும் விளைவுதான். துல்லியமாகத் தெரியாவிட்டால் "சுமாரா" என்று சேர்த்துச் சொல்லலாம். ஆனால் "35 சதவீதம் கூடிச்சு" என்று ஊகித்து விடாதீர்கள். அடுத்த கேள்வி "எப்படிக் கணக்குப் போட்டீங்க?" என்றுதான் வரும், அதற்குத் திணறினால் அதுவரை சொன்ன உண்மைகளும் சேர்ந்து சந்தேகத்துக்கு உள்ளாகும்.

எண்ணே இல்லாவிட்டால், பின்னாலும் தொடர்ந்த மாற்றம் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் தொடங்கிய செக் லிஸ்ட்டை அடுத்த பேட்ச்சும் பயன்படுத்துகிறது, இரண்டு பிரிவும் இப்போது நேரடியாகப் பேசிக்கொள்கிறது என்பது போல. குழுப்பணிக் கேள்வியில் இது எண்ணுக்குச் சமமான விளைவு. "மேனேஜர் பாராட்டினார்" என்பது மட்டும் போதாது. எதைப் பாராட்டினார் என்றாவது சேர்த்துச் சொல்ல வேண்டும்.

டீம்ல ஒருத்தர் வேலையே செய்யலை. அதைச் சொன்னா குறை சொல்ற மாதிரி ஆகிடாதா?

சொல்லலாம், எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. அவர் குணத்தைப் பற்றிப் பேசாமல் நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "அவர் சோம்பேறி, பொறுப்பில்லாதவர்" என்பது தீர்ப்பு. "ரெண்டு வாரமா அவர் பகுதி வரலை, மெசேஜுக்கும் பதில் இல்லை" என்பது நடந்தது. கேட்பவருக்கு இரண்டாவதே போதும்.

அடுத்தது, நீங்கள் அவரிடம் காரணம் கேட்டீர்களா என்பது. இந்த வகைப் பதிலின் அச்சாணி இதுதான். காரணம் கேட்காமல் "அவர் வேலையையும் நானே செஞ்சு முடிச்சேன்" என்று போனால், அதைத் தியாகமாகச் சொல்கிறோம் என்று நினைப்போம். கேட்பவர் பார்வையில் பிரச்சினை தீரவில்லை, அது மறைக்கப்பட்டிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதையே செய்வாரா, மேலாளருக்குத் தெரியாமலே சுமை கூடிக்கொண்டு போகுமா என்று அவர் யோசிப்பார். பேசிப் பார்த்தது, வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தது அல்லது மாற்றிக் கொடுத்தது, அதற்கும் பலனில்லாதபோது வழிகாட்டிக்கோ மேலாளருக்கோ தெரிவித்தது என்ற வரிசை இருந்தால் பதில் நிற்கும். மேலாளரிடம் சொல்வதைக் கோள்மூட்டுவதாக நினைத்துத் தவிர்க்க வேண்டாம். முதலில் அவரிடமே பேசியிருக்கிறீர்கள் என்பது தெரிந்தால் போதும்.

நான் ஃப்ரெஷர். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு என்ன சொல்றது?

இறுதியாண்டு ப்ராஜெக்ட்தான் எல்லோரும் சொல்வது. தவறில்லை, ஆனால் ஒரே நாளில் நாற்பது பேர் அதையே சொல்லும்போது, ப்ராஜெக்டின் தலைப்பை வைத்து வித்தியாசம் காட்ட முடியாது. குழுவுக்குள் நடந்த ஒரு குறிப்பிட்ட வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பேர் குழுவில் ஒருவர் எழுதிய பகுதியும் இன்னொருவர் எழுதியதும் சேரவில்லை, ரிவ்யூவுக்கு ஆறு நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, யாருடைய பகுதி எந்த வடிவத்தில் தரவைக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினீர்கள்; அதன்பிறகு தினமும் சாயங்காலம் ஒருமுறை இணைத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். முழு ப்ராஜெக்டைவிட அந்த ஆறு நாள் நல்ல பதில். ப்ராஜெக்ட் எதைப் பற்றியது என்பதற்கு ஒரே வாக்கியம்தான்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம், டிபார்ட்மென்ட் சிம்போசியம், கல்லூரி விளையாட்டு அணி, பகுதி நேரமாகக் கடையில் பார்த்த வேலை எல்லாமே செல்லும். முகாமில் சாப்பாட்டுப் பொறுப்பை ஏற்று இரண்டு குழுக்களின் நேரத் தகராறைத் தீர்த்திருந்தால், அது ப்ராஜெக்டைவிட நன்றாகவே எடுபடலாம். அங்கே வேறு வேறு துறை மாணவர்கள் இருந்திருப்பார்கள். குடும்ப நிகழ்ச்சிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பதில் சொல்லி முடிச்ச பிறகு கேள்வி மேல கேள்வியா கேக்கிறாங்க. பதில் பிடிக்கலைன்னு அர்த்தமா?

பெரும்பாலும் நேர்மாறு. தாளில் இன்னும் ஏதோ ஒரு கட்டம் நிரம்பவில்லை, நிரப்ப உங்களுக்கு வாய்ப்புத் தருகிறார்கள். சம்பவம் உண்மையா என்று சோதிப்பதும் இதில்தான் நடக்கும். நடந்ததைச் சொல்பவருக்குக் கேள்வி ஆழமாகப் போகப் போக விவரம் கூடும். இட்டுக்கட்டியவருக்கு மூன்றாவது கேள்வியில் விவரம் தீர்ந்து, "பொதுவா நான் என்ன செய்வேன்னா" என்று பொதுப் பேச்சு தொடங்கிவிடும்.

மேலே உள்ள டி-ஷர்ட் சம்பவத்துக்கு வரக்கூடிய கேள்விகள்: குவாலிட்டியில் ஏன் முதலில் மறுத்தார்கள்? சூப்பர்வைசர் லாக் புக்கைத் தர மறுத்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பையரிடம் எப்போது, என்ன சொன்னீர்கள்? மறுபடி இதே நிலை வந்தால் எதை மாற்றிச் செய்வீர்கள்? கடைசிக் கேள்வி ஏறக்குறைய எல்லா இடத்திலும் வரும். "எதையும் மாத்த மாட்டேன்" என்பது அதற்குக் கெட்ட பதில். "பிரிண்டிங் ஆரம்பிச்ச முதல் நாளே லாட் வாரியா டெஸ்ட் கேட்டிருப்பேன், ஒன்பது நாள் நெருக்கடியே வந்திருக்காது" என்பது நல்ல பதில். உங்கள் சம்பவம் ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கு மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் யோசித்து வைத்திருங்கள்.

"இப்படி ஒரு நிலைமை வந்தா என்ன செய்வீங்க?"ன்னு கேட்டாலும் இதே மாதிரி சொல்லலாமா?

அது வேறு வகைக் கேள்வி. நடந்ததைக் கேட்பதும் நடக்கப்போவதாகக் கற்பனை செய்து கேட்பதும் தனித்தனி முறைகளாக 1980களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்களால் வகுக்கப்பட்டவை. கற்பனைக் கேள்விக்கு முதலில் நீங்கள் எடுக்கும் அடிகளை வரிசையாகச் சொல்லுங்கள். பிறகு "இதே மாதிரி ஒரு தடவை நடந்திருக்கு" என்று சம்பவத்தை முப்பது வினாடியில் சேர்க்கலாம். நேராகக் கதைக்குள் போய்விட்டால், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று ஆகும்.

தலைகீழாகச் செய்வது இன்னும் மோசம். நடந்ததைக் கேட்கும்போது "டீம்ல எப்பவும் கம்யூனிகேஷன் முக்கியம், நான் எல்லாரையும் அனுசரிச்சுப் போவேன்" என்று கொள்கை பேசினால் அதில் குறித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

இங்கிலீஷ்ல சொல்லணும். நடுவுல வார்த்தை வராம நின்னுடறேன். மனப்பாடம் பண்ணிடட்டுமா?

வேண்டாம். ஒரு வாக்கியம் தவறினால் அடுத்தது வராது. கேள்வி கொஞ்சம் மாறினாலும் அதே பதிலை ஒப்பிக்க நேரும். "டீமில் கருத்து வேறுபாடு வந்தபோது" என்று கேட்டதற்கு "டீமில் உதவி செய்தபோது" என்ற பதிலைச் சொல்லிவிட்டு வருபவர்கள் இப்படி மாட்டிக்கொண்டவர்கள்தான்.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சிறு அட்டையில் ஐந்து வரி எழுதுங்கள்: சூழல் ஒரு வரி, என் பொறுப்பு ஒரு வரி, செயல்கள் இரண்டு வரி, விளைவு ஒரு வரி. வரி என்றால் முழு வாக்கியம் அல்ல, நான்கைந்து சொல் குறிப்பு. அதை வைத்து ஒவ்வொரு முறையும் புது வாக்கியத்தில் பேசிப் பாருங்கள். முதலில் தமிழில் சொல்லி வரிசையை உறுதியாக்கிக்கொண்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போவது பலருக்கு எளிதாக இருக்கிறது. ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியவை இரண்டே வாக்கியங்கள்: தொடக்க வாக்கியமும், விளைவின் முதல் வாக்கியமும். நடுவில் தடுமாறினாலும் விளைவுக்குத் தாவி முடித்துவிடலாம்.

எளிய இறந்தகால வாக்கியம் போதும். இலக்கணப் பிழைக்காக மதிப்பெண் குறைக்கும் கட்டம் குழுப்பணித் தாளில் பெரும்பாலும் இருக்காது. வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் பேச்சுத்திறனுக்கு வேறு தாள் இருக்கலாம்.

எத்தனை சம்பவம் தயார் பண்ணிக்கணும்?

குழுப்பணிக்கு மட்டும் மூன்று. கருத்து மோதல் நடந்தது ஒன்று, பின்தங்கியவரோடு வேலை செய்தது ஒன்று, அடுத்தவர் யோசனையை ஏற்று உங்கள் திட்டத்தை மாற்றியது ஒன்று. மூன்றாவதைப் பலரும் தயாரிப்பதில்லை, கேட்டால் விழிப்பார்கள். ஒரே சம்பவத்தை இரண்டு கேள்விக்குச் சொல்ல நேர்ந்தால், அதே சுற்றில் வேண்டாம். அடுத்த சுற்றில் வேறு ஆள் கேட்டால் சொல்லலாம், ஆனால் விவரங்கள் ஒத்துப்போக வேண்டும். குறிப்புகளை இரு சுற்றுக்காரர்களும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்தான்.

நேர்ல இல்லாம விண்ணப்பத்துலயே எழுதச் சொன்னா?

பிரிட்டன் அரசுப் பணி விண்ணப்பங்களில் ஒரு நடத்தைக்குப் பெரும்பாலும் 250 சொல் வரம்பு இருக்கும். பேச்சில் வைத்த அதே விகிதத்தை வைத்துக்கொள்ளலாம்: சூழலுக்கு 50 சொல், செயலுக்கு 150, விளைவுக்கு 50. எழுத்தில் துணைக் கேள்வி கேட்க ஆள் இல்லை என்பதால், 'ஏன் அப்படிச் செய்தேன்' என்பதை ஒவ்வொரு செயலோடும் நீங்களே சேர்த்துவிட வேண்டும். "லாட் வாரியாக டெஸ்ட் கேட்டேன்" என்று எழுதி நிறுத்தாமல், "மொத்த ஆர்டரும் பழுதா, ஒரு பகுதி மட்டுமா என்று தெரிந்தால் இரு பிரிவும் பேசத் தொடங்கும் என்பதால் லாட் வாரியாக டெஸ்ட் கேட்டேன்" என்று எழுதுங்கள். இடம் போதாவிட்டால் சூழலில் வெட்டுங்கள்.